சின்ன கீறலுக்கு கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடி இதை பாத்துக்கோங்க

கார் இன்சூரன்ஸ் பிரீமியத்துல ரெண்டு பங்கு இருக்குங்க. ஒண்ணு தேர்ட் பார்ட்டி, அது அரசாங்கம் வைக்கிற ரேட், இன்ஜின் சிசிய வச்சு மட்டும்தான், 1000 வரைக்கும் ஒண்ணு, 1500 வரைக்கும் ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு, அதுல பேரம் பேச முடியாது. இன்னொண்ணு ஓன் டேமேஜ், நம்ம வண்டிக்கான கவர். இதுல வண்டி வயசு ஏற ஏற அதோட மதிப்பை, அதாவது ஐடிவிய குறைப்பாங்க, நாலு வருஷம் தாண்டினா பாதிதான். சென்னை மாதிரி பெரிய சிட்டில ரிஜிஸ்டர் ஆன வண்டின்னா ரேட் கொஞ்சம் கூட, நீங்க எங்க ஓட்டுறீங்கன்றது கணக்கில்ல.

முக்கியமானது நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20%ல ஆரம்பிச்சு அஞ்சாவது வருஷத்துல 50% வரைக்கும் ஓன் டேமேஜ்ல தள்ளுபடி, ஆனா ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் பூஜ்ஜியம்! ஓன் டேமேஜ் 8,000ன்னு வைங்க, 50% வாங்க வேண்டியவர் 3,000 ரூபா பம்பர் கீறலுக்கு கிளெய்ம் போட்டா அடுத்த ரினியூவல்லயே 4,000 போச்சு, அதுக்கடுத்த வருஷமும் 20%தான். அந்த 3,000ம் முழுசா வராது, கம்பல்சரி டிடக்டிபிள்னு கொஞ்சம் பிடிச்சுட்டுதான் தருவாங்க. பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள ரினியூ பண்ணலனாலும் போனஸ் போயிடும்.