மண் வளப் பேச்சு: 30 நொடிக்கு ஒன்று, 5 நிமிடத்துக்கு ஒன்று

முதலில் 30 நொடிப் பேச்சை எழுதுங்கள். நிதானமாகப் பேசினால் சுமார் 45 சொற்கள்தான் பிடிக்கும். அதனால் ஒரு காட்சி, ஒரு வேண்டுகோள் போதும்: “அடிக்கடி உழுத நிலத்துக் கட்டி தண்ணீரில் கரைகிறது, வரப்புப் புல்லடிக் கட்டி அப்படியே நிற்கிறது. மண்ணை மூடாக்குப் போட்டு வையுங்கள்.”

5 நிமிடப் பேச்சிலும் தொடக்கம் இதுவேதான். பேச ஆரம்பிக்கும்போதே இரண்டு மண் கட்டிகளையும் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளர்களில் போட்டுவிடுங்கள். உழுத நிலத்துக் கட்டி கரைவதற்குள் காரணத்தைச் சொல்லலாம்: வேரும் பூஞ்சையும் சுரக்கும் பசைதான் மண் துகள்களைப் பிடித்து வைக்கிறது. உழவு அதைக் குலைக்கிறது. அப்புறம், கட்டிகள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் வித்தியாசம் சரியாகத் தெரியாது. மணற்பாங்கான மண்ணில் கட்டியே நிற்காது, அதை எடுத்துப் போகாதீர்கள்.