10 கிலோமீட்டர் லிங்க் பட்ஜெட்: கணக்கில் மார்ஜின் எங்கே காணாமல் போகிறது

இரண்டு கட்டடங்களுக்கு இடையே 10 கி.மீ. தூரம், 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, இரு முனையிலும் 23 டிபிஐ ஆன்டெனா. எதிர்முனைக்கு எவ்வளவு சிக்னல் போய்ச் சேரும், வேண்டிய குறைந்தபட்சத்துக்கு மேல் எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்பதே லிங்க் பட்ஜெட், அந்த மிச்சம்தான் மார்ஜின். கணக்கு மூன்று வரிதான், ஆனால் எண்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு வருகிறது.

முதலில் வெற்றுவெளி இழப்பு:

```
FSPL = 20 log10(d_km) + 20 log10(f_MHz) + 32.44
     = 20 + 75.27 + 32.44 = 127.7 dB
```

32.44 என்ற மாறிலி தூரம் கிலோமீட்டரிலும் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸிலும் இருந்தால்தான் பொருந்தும். கிகாஹெர்ட்ஸில் போடுவதென்றால் மாறிலி 92.45. இதை விட்டுவிட்டு 5800-க்குப் பதிலாக 5.8 என்று போட்டால் இழப்பு 60 டிபி குறைந்து, 67.7 என்று வரும். 10 கி.மீ.க்கு இவ்வளவு சின்ன எண் வந்தால் அலகைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து அனுப்பும் பக்கம். 5.8 பேண்டில் இந்தியாவில் ஈஐஆர்பி, அதாவது ஆன்டெனா கெயினையும் சேர்த்த அனுப்பும் சக்தி, 36 டிபிஎம்மைத் தாண்டக் கூடாது. ரேடியோவில் 14 டிபிஎம் வைத்து, கேபிளும் கனெக்டரும் தின்னும் 1 டிபியைக் கழித்து, ஆன்டெனாவின் 23-ஐக் கூட்டினால் சரியாக 36. அந்த 36-க்குள் ஆன்டெனா கெயின் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ‘அனுப்பும் சக்தி’ என்ற கட்டத்தில் ஈஐஆர்பியை எழுதிவிட்டு, கீழே ஆன்டெனா கெயினை மறுபடி கூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. இல்லாத 23 டிபி கணக்கில் ஏறிவிடும். பெறும் பக்கத்தில் அங்குள்ள ஆன்டெனாவின் 23-ஐக் கூட்டி, அங்கும் கேபிளுக்கு 1 டிபியைக் கழித்தால் வந்து சேரும் சிக்னல்:

```
Prx = 36 - 127.7 + 23 - 1 = -69.7 dBm
```

இந்த −69.7-ஐ எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் மிகவும் முக்கியம். ஒரு டேட்டாஷீட்டில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு உணர்திறன், அதாவது ரிசீவருக்கு வேண்டிய குறைந்தபட்ச சிக்னல், மிகக் குறைந்த வேகத்தில் −96, 64-குவாம் என்ற உயர்வேகப் பண்பேற்றத்தில் −75 என்று இருப்பதாகக் கொள்வோம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது −96-ஐத்தான். அதை வைத்துப் பார்த்தால் மார்ஜின் 26 டிபி, அமர்க்களம். ஆனால் நமக்கு வேண்டிய வேகம் 64-குவாம் என்றால் மார்ஜின் 5.3 மட்டுமே. சேனலை 40 மெகாஹெர்ட்ஸாக அகட்டினால் ரிசீவருக்குள் வரும் இரைச்சல் இரட்டிப்பாகும், உணர்திறன் 3 டிபி மோசமாகி −72 ஆகும். மிஞ்சுவது 2.3 டிபி. காற்று கொஞ்சம் ஆட்டினாலே வேகம் இறங்கிவிடும்.

சக்தியை ஏற்றலாமே என்றால் 36 வரம்பு தடுக்கிறது. வழி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. இரு முனையிலும் 30 டிபிஐ டிஷ் வைத்து, ரேடியோ சக்தியை 7 டிபிஎம்முக்கு இறக்குங்கள். ஈஐஆர்பி அதே 36-தான், ஆனால் பெறும் ஆன்டெனா 7 டிபி கூடுதலாகத் தருகிறது. வருவது −62.7, மார்ஜின் 9.3. சேனலை 20-க்கே குறைத்தால் 12.3. ஆன்டெனாவை மாற்றிவிட்டுச் சக்தியை இறக்க மறந்தால் ஈஐஆர்பி 43 ஆகிவிடும், அது விதிமீறல். டிஷ்ஷின் கெயின் டிபிடியில் கொடுக்கப்பட்டிருந்தால் 2.15 கூட்டி டிபிஐ ஆக்கிக்கொள்ளுங்கள்.

கேபிள் இழப்பு 1 டிபி என்றோமே, அது ரேடியோ ஆன்டெனாவின் பின்னாலேயே இருந்தால்தான். ரேடியோவைக் கீழே அறையில் வைத்து, 20 மீட்டர் எல்எம்ஆர்-400 கேபிளை மேலே இழுத்தால் 5.8-இல் சுமார் 7 டிபி போய்விடும். பெரிய டிஷ் வாங்கிச் சம்பாதித்தது முழுக்க அந்தக் கேபிளிலேயே கரைந்துவிடும். மேலே ஈதர்நெட் கேபிளை மட்டும் அனுப்பி, ரேடியோவை ஆன்டெனாவோடு பொருத்துவதே சரி.

வெற்றுவெளி இழப்பு என்ற பெயரே நிபந்தனையைச் சொல்கிறது. எதிர் மொட்டைமாடி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பார்வைக் கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் பகுதியான முதல் ஃபிரெனெல் மண்டலத்தின் ஆரம் நடுவழியில் 11.4 மீட்டர். அதில் 60 விழுக்காடு, அதாவது பார்வைக் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 7 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர் சேருங்கள். பார்வைக் கோடு ஒரு கூரை விளிம்பை உரசிக்கொண்டு போனாலே சுமார் 6 டிபி இழப்பு, 12.3-இல் பாதி.

லிங்க் ஏறியதும் இரு முனையிலும் சிக்னல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கும் அளவுக்கும் 2, 3 டிபி வித்தியாசம் இயல்பு. இரு முனையிலும் ஒரே அளவு குறைந்தால் காரணம் இருவழிக்கும் பொதுவானது: கேபிள், ஆன்டெனா திசை, பாதையில் தடை. அது 20 டிபி அளவுக்கு இருந்தால் ஒரு ஆன்டெனா செங்குத்தாகவும் மற்றது கிடைமட்டமாகவும் மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அல்லது டிஷ் முக்கியக் கற்றையை விட்டு ஓரத்துப் பக்கமடலில் சிக்னலைப் பிடித்திருக்கலாம். ஒரு முனையில் மட்டும் குறைந்தால் எதிர்முனை ரேடியோவின் சக்தி அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.