சந்தை மூலதனம் மட்டும் ஒரு கம்பனியின் விலை அல்ல

கொழும்புப் பங்குச் சந்தையில் இரண்டு கம்பனிகளை ஒப்பிடும்போது, பலர் சந்தை மூலதனத்தோடு நின்றுவிடுகிறார்கள். பங்கு விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அது வந்துவிடும். ஆனால் அது பங்குதாரர்களின் பகுதிக்கு மட்டுமான விலை. முழுக் கம்பனியையும் வாங்குபவர் அதன் கடனையும் ஏற்க வேண்டும், அதன் காசும் அவருக்கே வந்துசேரும். ஆகவே சந்தை மூலதனத்தோடு கடனைக் கூட்டி, காசைக் கழித்தால் கிடைப்பதுதான் நிறுவனப் பெறுமதி.

ஒரு கற்பனை உதாரணம் எடுப்போம். 'அ' கம்பனியில் 100 மில்லியன் பங்குகள், விலை 50 ரூபா. சந்தை மூலதனம் 5,000 மில்லியன். 'ஆ' கம்பனியில் 80 மில்லியன் பங்குகள், விலை 80 ரூபா. அது 6,400 மில்லியன். வட்டி, வரி, பெறுமானத்தேய்வு ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள ஆண்டு இலாபம் இரண்டுக்குமே 1,000 மில்லியன். சந்தை மூலதனத்தை வைத்துப் பார்த்தால் 'அ' இந்த இலாபத்தின் 5 மடங்கு, 'ஆ' 6.4 மடங்கு. 'அ'தான் மலிவு போலத் தெரியும்.

இப்போது கடனைச் சேர்ப்போம். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஐந்தொகையில் நடைமுறையல்லாப் பொறுப்புகளின் கீழ் 'அ'வின் கடன் 1,500 மில்லியன் என்று இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் தவறு. கீழே நடைமுறைப் பொறுப்புகளில் 1,600 மில்லியன் குறுங்காலக் கடனும், 400 மில்லியன் வங்கி மேலதிகப்பற்றும் தனித்தனி வரிகளில் கிடக்கின்றன. மொத்தம் 3,500. கையிலுள்ள காசு 300. நிறுவனப் பெறுமதி 8,200 மில்லியன், அதாவது 8.2 மடங்கு. 'ஆ'வுக்குக் கடன் 200, காசும் திறைசேரி உண்டியல்களும் சேர்ந்து 1,600. அதன் நிறுவனப் பெறுமதி 5,000தான். மலிவானது எது என்ற பதில் அப்படியே தலைகீழாகிவிட்டது.

கடன் முழுவதையும் பிடித்துவிட்டோமா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. வருமானக் கூற்றிலுள்ள நிதிச் செலவை எடுத்து, நீங்கள் கூட்டிய கடனால் வகுத்துப் பாருங்கள். 'அ'வின் ஆண்டு நிதிச் செலவு 420 மில்லியன். 1,500ஆல் வகுத்தால் 28 வீதம். அந்த ஆண்டில் வங்கிகள் 12 வீதத்துக்குக் கடன் கொடுத்திருந்தால் இது பொருந்தாது. 3,500ஆல் வகுத்தால் சரியாக 12 வீதம் வருகிறது. எல்லா வரிகளையும் கூட்டிய பிறகும் வீதம் அதிகமாகவே வந்தால், ஐந்தொகை நாளான மார்ச் 31 அன்று மட்டும் கடன் குறைந்து தெரிகிறதா என்று யோசிக்க வேண்டும். பருவகாலத்துக்குச் சரக்கு வாங்கி விற்கும் கம்பனிகளில் இது சாதாரணம். அப்போது டிசம்பர் காலாண்டு அறிக்கையிலுள்ள கடனைப் பாருங்கள், அல்லது நான்கு காலாண்டுகளின் சராசரியை எடுங்கள். குத்தகை வட்டியும் நாணயமாற்று நட்டமும் நிதிச் செலவுக்குள் சேர்ந்திருக்கலாம். ஆகவே குறிப்புகளைப் படிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

காசைக் கழிப்பதிலும் கவனம் வேண்டும். 'ஆ' பங்கொன்றுக்கு 5 ரூபா பங்கிலாபம் அறிவித்துவிட்டது, ஆனால் இன்னும் செலுத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். பங்கிலாப உரிமை நீங்கிய நாளிலேயே விலை அதற்கேற்ப இறங்கி 80 ஆகியிருக்கும். காசோ இன்னும் கணக்கில் இருக்கும். அந்த 400 மில்லியனையும் கழித்தால் கம்பனி இல்லாத அளவுக்கு மலிவாகத் தெரியும். அதை விட்டுவிட்டால் கழிக்கக்கூடிய காசு 1,200, பெறுமதி 5,400. அப்போதும் 'ஆ'தான் மலிவு, ஆனால் இடைவெளி குறைந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் கொடுத்த முற்பணத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

கொழும்புச் சந்தையில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சில கம்பனிகளுக்கு வாக்குரிமையுள்ள பங்கு (N0000), வாக்குரிமையற்ற பங்கு (X0000) என இரண்டு வகை உண்டு. ஒன்றை மட்டும் பெருக்கினால் கணக்கு தொடக்கத்திலேயே குறைந்துவிடும். இரண்டையும் அவற்றின் விலையில் தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்புறம், குழும நிரலிலுள்ள இலாபத்தை எடுத்தால் கடனும் காசும் குழும நிரலிலிருந்தே வர வேண்டும். துணைக் கம்பனிகளில் வெளியாருக்குள்ள பங்கையும் பெறுமதியோடு கூட்டுங்கள், ஏனென்றால் அந்தத் துணைக் கம்பனியின் முழு இலாபமும் ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது.

வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் இந்த முறை ஒத்துவராது. வைப்புகளும் கடனும் அவற்றுக்கு மூலப்பொருள் மாதிரி. அங்கே பங்கு விலையைத் தேறிய சொத்துப் பெறுமதியோடு ஒப்பிடுவதே பொருத்தம்.