நேர்காணல் குழுவில் குறுக்குக் கேள்வி வந்தால்

யூ.பி.எஸ்.சி. ஆளுமைத் தேர்வில் தலைவரோடு சேர்த்து வழக்கமாக ஐந்து பேர் எதிரே இருப்பார்கள். பதிலின் முதல் வாக்கியத்தைக் கேள்வி கேட்டவரைப் பார்த்தே சொல்லுங்கள். அடுத்த கருத்துக்குப் போகும்போது பார்வையை இன்னொருவரிடம் நகர்த்தி, அந்த வாக்கியம் முடியும்வரை அங்கேயே வையுங்கள். கடைசி வரிக்குக் கேட்டவரிடம் திரும்பிவிட்டால் பதில் முடிந்தது என்று அவருக்குப் புரியும். வாக்கியத்தின் நடுவே முகம் முகமாகத் தாவினால் மேசை மின்விசிறி சுற்றுவது போலிருக்கும், சொல்ல வந்ததும் நழுவிவிடும். ஒரு வரிப் பதிலுக்கு இதெல்லாம் வேண்டாம்.

சிக்கல் குறுக்குக் கேள்வியில்தான். ஏரி ஆக்கிரமிப்புக்கு மூன்று காரணங்கள் என்று தொடங்கி முதலாவதில் இருக்கும்போதே வேறொரு உறுப்பினர், "பட்டா கொடுத்ததே அரசுதானே?" என்கிறார். பேச்சை நிறுத்தி, அவர் பக்கம் தோளோடு திரும்பி, இரண்டே வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். பிறகு முதலில் கேட்டவரிடம், "சார், இரண்டாவது காரணம், வரத்துக் கால்வாய் தூர்ந்து ஏரி வறண்டு கிடந்தது" என்று விட்ட இடத்தைப் பிடியுங்கள். எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவைப்பது இதற்காகத்தான். தலைவர் அடுத்தவருக்குக் கைகாட்டிவிட்டால் பழைய பதிலை அப்படியே விட்டுவிடுங்கள்.