நான்கு நிமிடம் முந்திய கடிகாரம்

ஊருக்குப் போனால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் போட்டதும் எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைக் கேட்கும். அதற்காக மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். வைஃபை இருந்தும் இந்தப் பாடு.

சரி, ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறிவிடலாம் என்று, ஏற்கெனவே உள்நுழைந்திருந்த லேப்டாப்பில் அமைப்பைத் திறந்து கியூஆர் கோடை ஃபோனில் ஸ்கேன் செய்தேன். ஆறு இலக்க எண் வந்தது. போட்டால் தவறு என்றது. மூன்று முறை அப்படியே.

காரணம் ஃபோன் கடிகாரம். பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று நானே அதை நான்கு நிமிடம் முன்னால் வைத்திருந்தேன்!

எஸ்எம்எஸ் எண்ணை சர்வர் உருவாக்கி அனுப்புகிறது. செயலிக்கு யாரும் எதையும் அனுப்புவதில்லை. கியூஆர் கோடுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதையும் அப்போதைய நேரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒருமுறை ஃபோனே எண்ணைக் கணக்கிடுகிறது. சர்வரும் அதே கணக்கைத் தனியாகப் போட்டு ஒப்பிடுகிறது. சில விநாடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், நான்கு நிமிடத்தை அல்ல.

தேதி, நேர அமைப்பில் தானியங்கி நேரத்தை இயக்கினேன். அடுத்த எண்ணே ஏற்கப்பட்டது. ஏர்ப்ளேன் மோடில் போட்டுப் பார்த்தேன். அப்போதும் எண் மாறிக்கொண்டே இருந்தது.

சாவி ஃபோனில்தான் இருக்கிறது, ஃபோன் தொலைந்தால் சிம் மட்டும் வாங்கிப் பயனில்லை. அதனால், ஃபோன் இல்லாதபோது உள்நுழைய இன்ஸ்டாகிராம் தரும் மாற்று எண்களை அப்போதே டைரியில் எழுதி வைத்தேன். ஆனால் போலித் தளத்தில் நாமே எண்ணைத் தட்டினால், எஸ்எம்எஸ், செயலி இரண்டுமே நம்மைக் காப்பாற்றாது.