பள்ளி திறப்புக்கு எத்தனை டஜன் நோட்டு? நகரும் சராசரியில் ஒரு கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டேஷனரி கடை. 192 பக்க லாங் சைஸ் நோட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்கு, எல்லாம் டஜனில்.

நகரும் சராசரி என்றால் பலரும் கடைசி மூன்று வார விற்பனையைக் கூட்டி மூன்றால் வகுப்பார்கள், அடுத்த வாரம் பழைய வாரத்தை விட்டுப் புதியதைச் சேர்ப்பார்கள். 12, 21, 51 என்றால் சராசரி 28. பள்ளி திறக்கும் வாரத்தில் 28 டஜன் இரண்டு நாளுக்குக்கூடத் தாங்காது. விற்பனை ஏறிக்கொண்டே போகும்போது பின்னால் பார்க்கும் சராசரி கீழேயே நிற்கும். அதனால் வாரங்களை அல்ல, ஆண்டுகளை நகர்த்துங்கள்: மூன்று ஆண்டுகளின் அதே வாரம்.

அதே வாரம் என்றால் அதே தேதி இல்லை. தமிழக அரசுப் பள்ளிகள் 2023இல் ஜூன் 12 (6ஆம் வகுப்புக்கு மேல்), 2024இல் ஜூன் 10, 2025இல் ஜூன் 2 அன்று திறந்தன. தேதியை வைத்துக் கூட்டினால் ஒரு வருடத்தின் உச்சமும் இன்னொரு வருடத்தின் மந்தமும் கலந்துவிடும். திறக்கும் வாரத்துக்கு 0, அதற்கு முந்தையவற்றுக்கு -1, -2, -3 என்று எண் போடுங்கள். சிபிஎஸ்இ பிள்ளைகள் பெரும்பாலும் ஏப்ரலிலேயே வாங்கிவிடுவார்கள். அந்த விற்பனையை இதில் சேர்க்காதீர்கள்.

பில் புத்தகத்தைப் பார்த்து ஷீட்டில் ஏற்றுங்கள்:

| A வாரம் | B 2023 | C 2024 | D 2025 | E சராசரி | F இவ்வாண்டு |
|---|---|---|---|---|---|
| -3 | 9 | 10 | 11 | 10 | 12 |
| -2 | 18 | 20 | 22 | 20 | 21 |
| -1 | 40 | 46 | 49 | 45 | |
| 0 | 90 | 64 | 102 | ? | |

E2இல் இதை அடித்து கீழே இழுங்கள்:

```
=AVERAGE(B2:D2)
```

2024இன் 64 உறுத்துகிறதா? பெரும்பாலும் அங்கே சரக்கு தீர்ந்திருக்கும். கடைசிக் கொள்முதல் பில்லையும் அந்த வாரத்தின் தினசரி விற்பனையையும் பாருங்கள். வியாழனோடு விற்பனை சட்டென்று நின்றிருந்தால் 64 என்பது இருந்த சரக்கின் அளவுதான், வந்து கேட்டவர்களின் அளவு இல்லை. மற்ற இரண்டு ஆண்டுகளில் முதல் நான்கு நாளில் 60ம் 68ம் போயிருக்கிறது, அதாவது வார விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 64 × 3 ÷ 2 = 96. நாள் சராசரியை ஏழால் பெருக்கினால் 112 வரும். அது அதிகம், ஏனென்றால் கூட்டம் முதல் நாட்களில்தான். C5இல் 96 போட்டதும் சராசரி 85இலிருந்து 96 ஆகிறது.

மூன்று ஆண்டுச் சராசரி வளர்ச்சியைத் தவறவிடும். -2 வாரம் முடிந்ததும் இவ்வாண்டு விற்ற 33ஐ சராசரி 30ஆல் வகுத்தால் 1.1:

```
=E5*SUM(F2:F3)/SUM(E2:E3)
```

விடை 105.6, அதாவது 106 டஜன். -1 வாரத்துக்கும் இதே பெருக்கல்: 45 × 1.1, சுமார் 50. இரண்டும் சேர்ந்து 156. கடையில் இருக்கும் சரக்கைக் கழித்துவிட்டு மீதியை ஆண்டர்சன் தெரு மொத்தக் கடையில் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு 2023 பத்தியை எடுத்துவிட்டு இவ்வாண்டைச் சேர்த்தால், மறுபடியும் மூன்று ஆண்டு.