மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப்? இரண்டு தவறு சேர்ந்து சரியான விடை தந்த கணக்கு

என் சின்ன சிஎன்சி ரவுட்டர் மெஷினில் இசட் அச்சு ஒரு வருடத்துக்கும் மேலாகச் சரியாகவே ஓடியது. பத்து மில்லிமீட்டர் இறங்கச் சொன்னால் பத்து இறங்கும். டி8 ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும் 1.8 டிகிரி ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் பதினாறாகப் பிரிக்கும் 16 மைக்ரோஸ்டெப், மோட்டாரில் 20 பல் புல்லி, ஸ்க்ரூவில் 40 பல் புல்லி. மில்லிமீட்டருக்கு 800 ஸ்டெப் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பிறகு கனமான ஸ்பிண்டில் ஒன்றை மாட்டினேன். கரண்டை நிறுத்தியதும் அது தன் எடையிலேயே மெல்லக் கீழே இறங்கியது. இந்த ஸ்க்ரூவில் மரை சரிவாக ஓடுவதால், மோட்டாரில் கரண்ட் இல்லாதபோது மேலிருந்து அழுத்தும் எடையே அதைச் சுழற்றிவிடும். பெல்ட் குறைப்பை அதிகமாக்கினால் மோட்டாரின் இயல்பான பிடிப்பு ஸ்க்ரூவில் கூடுதலாகத் தெரியும் என்பதால், 40 பல் புல்லியைக் கழற்றி 60 பல் புல்லியும் அதற்கேற்ற நீளமான பெல்ட்டும் போட்டேன். பழைய கணக்குத் தாளில் 40 இருந்த இடத்தில் 60 எழுதினேன். 533.333 வந்தது. அதைப் பதிவு செய்து பத்து மில்லிமீட்டர் இறங்கச் சொன்னால், 4.44 மட்டுமே இறங்கியது.

அந்தத் தாளில் இருந்த பழைய கணக்கு இது:

```
200 × 16 × (20 ÷ 40) ÷ 2 = 800
```

சரியான கணக்கு இது:

```
200 × 16 × (40 ÷ 20) ÷ 8 = 800
```

விடை ஒன்றுதான். ஆனால் முதல் வரியில் இரண்டு தவறு இருக்கிறது. ஸ்க்ரூவின் லீடுக்குப் பதிலாகப் பிட்ச்சைப் போட்டதால் விடை நான்கு மடங்கு பெரிதாகியது. புல்லி விகிதத்தைத் தலைகீழாகப் போட்டதால் நான்கில் ஒன்றாகச் சிறுத்தது. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டதால் மெஷின் சரியாக ஓடியது. புல்லியை மாற்றிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. மெஷின் சரியாக நகர்கிறது என்பதை மட்டும் வைத்துக் கணக்கு சரி என்று முடிவு செய்யக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பிட்ச் வேறு, லீட் வேறு

பக்கத்துப் பக்கத்து மரைகளுக்கு இடையே உள்ள தூரம் பிட்ச். ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்று சுற்றினால் நட் நகரும் தூரம் லீட். ஒற்றை மரை ஓடும் ஸ்க்ரூவில் இரண்டும் ஒன்றே. 3டி பிரிண்டர்களிலும் சின்ன மெஷின்களிலும் பரவலாக வரும் டி8 ஸ்க்ரூவில் நான்கு மரைகள் சேர்ந்தாற்போல் சுற்றி ஓடுகின்றன. பிட்ச் 2 மில்லிமீட்டர், லீட் 8 மில்லிமீட்டர். வெர்னியரை வைத்து மரைக்கு மரை அளந்தால் 2 என்றுதான் காட்டும். நானும் அப்படித்தான் அளந்தேன், அளவில் தப்பே இல்லை. கணக்குக்குத் தேவையான அளவு அது இல்லை, அவ்வளவுதான்.

டி8 என்றாலே லீட் 8 என்று எடுத்துக்கொள்வதும் சரியில்லை. அந்த 8 ஸ்க்ரூவின் விட்டம். லீட் 2, லீட் 4 உள்ள டி8 ஸ்க்ரூக்களும் விற்பனைக்கு வருகின்றன. ஸ்க்ரூவின் வெட்டுமுனையை நேராகப் பார்த்தால் எத்தனை மரை தொடங்குகிறது என்று எண்ணிவிடலாம். அதைவிட நம்பகமான வழி, நட்டின் விளிம்பில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஸ்க்ரூவைக் கையால் சரியாகப் பத்துச் சுற்று சுற்றி, நட் நகர்ந்த தூரத்தை அளப்பது. 80 மில்லிமீட்டர் நகர்ந்தால் லீட் 8. 20 நகர்ந்தால் லீட் 2. பத்துச் சுற்று எடுப்பதால் அளவில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் குழப்பம் வராது.

விகிதத்தை எந்தப் பக்கம் போடுவது

புல்லி விகிதத்தில் பெரியது மேலே, சின்னது மேலே என்று மனப்பாடம் செய்தால் ஒருநாள் இல்லை ஒருநாள் மாறிவிடும். நான் இப்போது நட்டிலிருந்து பின்னோக்கி நடக்கிறேன். நட் ஒரு மில்லிமீட்டர் நகர ஸ்க்ரூ எவ்வளவு சுற்ற வேண்டும்? லீட் 8 என்றால் எட்டில் ஒரு சுற்று. ஸ்க்ரூவில் 60 பல், மோட்டாரில் 20 பல், ஆகவே ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்ற மோட்டார் மூன்று சுற்று சுற்ற வேண்டும். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் சுற்றுவது எட்டில் மூன்று சுற்று. மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 முழு ஸ்டெப், 16 மைக்ரோஸ்டெப்பில் 3200 பல்ஸ். எட்டில் மூன்று பங்கு 1200. இப்படி நடந்தால் விகிதம் தானாகவே அதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். குறைப்பு இருந்தால் மோட்டார் அதிகம் சுற்ற வேண்டும், எனவே எண் பெரிதாகத்தான் ஆக வேண்டும். பெரிய புல்லி போட்ட பிறகு என் கணக்கில் எண் 800-லிருந்து 533 ஆகக் குறைந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பல்லை எண்ணித்தான் விகிதம் எடுக்க வேண்டும். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டு எண்ணினால் தப்பாது. புல்லியின் வெளிவிட்டத்தை அளந்து விகிதம் எடுக்கக் கூடாது, ஏனென்றால் பெல்ட்டுக்குள் இருக்கும் நாண் இழை புல்லியின் விளிம்புக்குக் கொஞ்சம் வெளியே ஓடுகிறது. ஜிடி2 வகையில் 20 பல் புல்லியின் வெளிவிட்டம் ஏறக்குறைய 12.22 மில்லிமீட்டர், 60 பல் புல்லியுடையது 37.69. வகுத்தால் 3.08 வரும். உண்மையான விகிதம் 3 மட்டுமே.

இன்னொரு குழப்பமும் இங்கே அடிக்கடி வருகிறது. பெல்ட்டே நேரடியாக மேசையை இழுக்கும் அச்சுகளில் பெல்ட்டின் பல் இடைவெளி, ஜிடி2-வில் 2 மில்லிமீட்டர், கணக்கில் வரும். அந்தச் சூத்திரத்தை எடுத்து இங்கே ஒட்டக் கூடாது. இங்கே பெல்ட் சுழற்சியை மட்டுமே கடத்துகிறது. இரண்டு புல்லியிலும் ஓடுவது ஒரே பெல்ட் என்பதால் அதன் இடைவெளி அடிபட்டுப் போகிறது.

மைக்ரோஸ்டெப்: டிரைவரில் இருப்பதை நம்புங்கள்

மோட்டாரை ஓட்டும் ஏ4988 டிரைவருக்கு அடியில் மூன்று ஜம்பரும் போட்டிருந்தால் 16 மைக்ரோஸ்டெப். அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் டிஆர்வி8825 செருகினால், அதே மூன்று ஜம்பருக்கு 32. எதையும் மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அச்சு பாதி தூரம்தான் போகும்.

டிஎம்542 போன்ற பெட்டி டிரைவர்களில் வேறு மாதிரி. அதன் மேல் அச்சிட்டுள்ள 1600, 3200 போன்ற எண்கள் ஒரு சுற்றுக்கான மொத்த பல்ஸ். அதை 200-ஆல் மறுபடியும் பெருக்கினால் கணக்கு எங்கோ போய்விடும். டிஎம்சி2209 உள்ளுக்குள் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 256-ஆக நிரவி ஓட்டும். அது மோட்டார் சத்தமில்லாமல் ஓடுவதற்காக. நாம் அனுப்பும் பல்ஸ் எண்ணிக்கையில் அதனால் மாற்றம் இல்லை, ஆகவே கணக்கில் 256-ஐக் கொண்டுவர வேண்டாம்.

மைக்ரோஸ்டெப்பைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று நினைத்து 32-க்குப் போவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோவில் ஓடி மெஷினைக் கட்டுப்படுத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருள் வினாடிக்கு ஏறக்குறைய 30,000 பல்ஸ் வரைதான் அனுப்பும். மில்லிமீட்டருக்கு 1200 என்றால் வினாடிக்கு 25 மில்லிமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 1500. அதுவே 2400 ஆனால் 750-க்கு மேல் போக முடியாது. மைக்ரோஸ்டெப்பில் கூடுகிற இடைப்பட்ட நிலைகள் எல்லாம் சுமை இருக்கும்போது அப்படியே கிடைப்பதும் இல்லை. என் இசட் அச்சை நான் 16-லேயே விட்டுவிட்டேன்.

ஒரு சுற்றுச் சோதனை

எண்ணைப் பதிவு செய்ததும் முதலில் தூரத்தை அளக்காதீர்கள், சுற்றை எண்ணுங்கள். இரண்டு புல்லியிலும் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மேலே தாராளமாக இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, லீட் எவ்வளவோ அவ்வளவு நகரச் சொல்லுங்கள். ஜிஆர்பிஎல்லில் இசட் அச்சு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்பதைப் பதிவு செய்யும் இடம் `$102`.

```
$102=1200
G21
G91
G1 Z8 F200
G90
```

ஸ்க்ரூ புல்லியின் கோடு சரியாக ஒரு சுற்று வந்து பழைய இடத்தில் நிற்க வேண்டும். மோட்டார் புல்லியின் கோடு மூன்று சுற்று வர வேண்டும். ஸ்க்ரூ ஒரு சுற்று சரியாகச் சுற்றியும் அச்சு 8 மில்லிமீட்டர் போகவில்லை என்றால் லீடை நீங்கள் தவறாக எடுத்திருக்கிறீர்கள். ஸ்க்ரூவே ஒரு சுற்று வரவில்லை என்றால் தவறு விகிதத்திலோ மைக்ரோஸ்டெப்பிலோ இருக்கலாம். லீடைத் தவறாக எடுத்தாலும் இப்படி ஆகும், ஆனால் அதைத்தான் முன்பே கையால் சுற்றி அளந்துவிட்டோமே. பிசகின் அளவும் காட்டிக்கொடுக்கும். சரியாகப் பாதி, சரியாக நான்கு மடங்கு, ஒன்பதில் ஒரு பங்கு என்று வந்தால் அது கணக்குத் தவறு. மூன்றுக்கு ஒன்று விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் ஒன்பதில் ஒரு பங்குதான் நகரும்.

அளந்து திருத்துவதில் உள்ள கண்ணி

கணக்கு சரியாக இருந்தும் பத்து மில்லிமீட்டருக்கு 9.85 காட்டுகிறது என்று வையுங்கள். பலர் உடனே 1200-ஐப் பத்தால் பெருக்கி 9.85-ஆல் வகுத்து 1218.3 என்று மாற்றிவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம், ஏனென்றால் நல்ல கணக்கைக் கெடுத்துவிட்டு மெஷினைக் குறை சொல்ல வைக்கிறது.

மாற்றுவதற்கு முன், முதலில் ஒரு திசையில் நகர்த்தி, பிறகு திசை திருப்பி 10 மில்லிமீட்டர் போய் அளந்து பாருங்கள். அதே மாதிரி திசை திருப்பி 100 மில்லிமீட்டர் போயும் அளந்து பாருங்கள். இரண்டிலும் அதே 0.15 குறைந்தால் அது ப்ளே, அதாவது நட்டுக்கும் மரைக்கும் இடையே உள்ள தளர்வு. ஸ்டெப் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1218.3-ஐப் போட்டிருந்தால் 10-க்கு 10 சரியாகக் காட்டும், 100 சொன்னால் 101.37 போகும். ப்ளேவைக் குறைக்க ஸ்பிரிங் வைத்த இரட்டை நட் போடலாம், அல்லது அளக்கும்போதும் வெட்டும்போதும் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கச் செய்யலாம்.

100 மில்லிமீட்டரில் குறைவது 10-ல் குறைவதைப் போலப் பத்து மடங்கு என்றால் மட்டுமே அது விகிதப் பிழை. அப்போதும் ஸ்க்ரூவைச் சந்தேகிக்கும் முன் வெர்னியரைச் சாய்த்துப் பிடித்திருக்கிறோமா, மேசை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வந்தால், அதுவும் வேகத்தைக் கூட்டும்போது மோசமாகிறது என்றால், மோட்டார் ஸ்டெப் தவறவிடுகிறது. அதற்கு `$102`-ஐத் தொட வேண்டியதில்லை. டிரைவர் கரண்டையும் `$122`-இல் உள்ள முடுக்கத்தையும் பாருங்கள்.

என் தாளில் இப்போது 1200 என்ற விடையை மட்டும் எழுதி வைக்கவில்லை. லீட் 8, கையால் பத்துச் சுற்றுக்கு 80 அளந்தது. மோட்டார் 20 பல், ஸ்க்ரூ 60 பல், எண்ணியது. ஏ4988, மூன்று ஜம்பர் என்று ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதோடு எழுதி, மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன்.